எங்கள் விலக்கில் ஆர்ச் தூணுக்கு ‘மிக அதிகம்’, வேகத்தடைக்கு ‘வேண்டாம்’: தணிக்கை அறிக்கை சரிதானா?

ஊரணிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்து வரும் மாநில நெடுஞ்சாலையில் எங்கள் ஊர் விலக்கு இருக்கிறது. ஊர்ப் பெயரைப் போடவில்லை, ஏற்கெனவே போதுமான சண்டை நடந்துகொண்டிருக்கிறது. போன ஆடியில் டிவிஎஸ் 50-ல் பால் கொண்டுபோனவர் ஒரு காரில் அடிபட்டு இறந்துபோனார். அதற்குப் பிறகு ஊரில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மெயின் ரோட்டில் இரண்டு பக்கமும் வேகத்தடை.

வந்தது வேறு. சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என்று மூன்று பேர் வந்தார்கள். ஒரு நாள் பகலில், இன்னொரு நாள் இரவு எட்டு மணிக்கு மேல். டேப் பிடித்தார்கள், ரோட்டோரத்தில் எதையோ பொறுக்கினார்கள், வீடியோ எடுத்தார்கள். இப்போது வரைவு அறிக்கை கிடைத்திருக்கிறது. முக்கியமான இடத்தை அப்படியே தட்டுகிறேன்:

“ஊர்ச்சாலை பிரதான சாலையை ஏறத்தாழ 45 பாகையில் சாய்வாகச் சந்திக்கிறது. கடைசி 12 மீட்டரில் 1.2 மீட்டர் ஏற்றம். ஊர்ச்சாலையிலிருந்து வெளியேறுபவருக்கு வலப்பக்கம் கிடைக்கும் பார்வை 62 மீட்டர். தடை: நுழைவு வளைவின் வலது தூண், கருவேலம் புதர், பேருந்து நிழற்குடை. பிரதான சாலையில் நூற்றுக்கு எண்பத்தைந்து வண்டிகள் ஓடும் வேகத்தின் மேல் வரம்பு மணிக்கு 78 கி.மீ. அபாயம்: மிக அதிகம். பரிந்துரை: தூணை அகற்றல் அல்லது இடம் மாற்றல், சந்திப்பைச் செங்கோணமாக்கல் (அவசியம்). பிரதான சாலையில் வேகத்தடை பரிந்துரைக்கப்படவில்லை.”

அந்த ஆர்ச் ஒரு குடும்பம் தங்கள் ஐயா நினைவாகக் கட்டிக்கொடுத்தது. இப்போது அவர்கள் வீட்டு ஆச்சி, “முப்பது வருஷமா நிக்குற தூண் எந்திரிச்சுப் போயா ஆளை அடிச்சுச்சு?” என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஓட்டுகிற பையன்கள் கண்மண் தெரியாமல் ஓட்டினால் தூண் என்ன செய்யும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூரான்

தணிக்கை என்றால் கணக்கைத்தானே பார்ப்பார்கள்? ரோடு போட்டதில் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லையென்றால் அது என்ன ஆடிட்?

டேப்பும் சுண்ணாம்பும்

பள்ளத்தூர் அண்ணே, இது அந்த ஆடிட் இல்லை. பணத்தைப் பற்றி ஒரு வரிகூட வராது. ரோட்டை வடிவமைத்தவர்களுக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள் வந்து, “இங்கே யார் எப்படி அடிபடுவார்கள்” என்று மட்டும் பார்த்து எழுதுவது. ஐ.ஆர்.சி. என்கிற இந்தியச் சாலைப் பேராயத்தின் எஸ்.பி. 88 என்ற கையேட்டின்படி நடக்கும். நான் பத்து வருடம் இந்த வேலையில் இருந்தவன், இப்போது ஓய்வு.

ஊரணிக்கரை, ஆச்சியின் கேள்வி நல்ல கேள்வி. அந்த 62 மீட்டரைத்தான் ஊரில் யாரும் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

78 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 21.7 மீட்டர். காரில் வருகிறவர் உங்கள் பால்காரரைப் பார்த்து, ‘ஐயோ’ என்று மனதில் பட்டு, கால் பிரேக்குக்குப் போவதற்கு இரண்டரை நொடி என்பது நம் வழிமுறைக் கணக்கு. அதற்குள் வண்டி 54 மீட்டர் ஓடிவிடும். மீதி எவ்வளவு? எட்டு மீட்டர். பிரேக் பிடிக்க எட்டு மீட்டர் என்பது ஒன்றுமே இல்லை. கணக்குப் போட்டால் இடிக்கும்போது வேகம் 73 இருக்கும். பிரேக் பிடித்ததும் ஒன்றுதான், பிடிக்காததும் ஒன்றுதான். 78-ல் வருகிற வண்டி முழுதாக நிற்க ஏறத்தாழ 120 மீட்டர் வேண்டும்.

அதே 62 மீட்டரில் 65-ல் வந்தால் இடிக்கும் வேகம் 52. 50-ல் வந்தால் இடிப்பதற்கு முன்பே நின்றுவிடும், நிற்க வேண்டிய தூரம் 61 மீட்டர்தான். அதாவது உங்கள் விலக்கு 50 கி.மீ. வேகத்துக்கான பார்வையை வைத்துக்கொண்டு 78-ல் ஓடும் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறது. தூண் ஆளை அடிக்கவில்லை, சரி. அடிக்கப்போகிறவனை இரண்டு பேர் கண்ணிலிருந்தும் மறைத்தது.

கியர்_மாத்து

இரண்டரை நொடி எல்லாம் கிழவர் கணக்கு. எனக்கு ஒரு நொடி போதும். என் கார் பிரேக் பிடித்தால் கல்லாட்டம் நிற்கும். புத்தகத்துக் கணக்கை வைத்து ஆர்ச்சை இடிக்கச் சொல்வது அநியாயம்.

டேப்பும் சுண்ணாம்பும்

தம்பி சொல்வதில் பாதி சரி. புத்தகக் கணக்கு தாராளமாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. மழை ஈரம், தேய்ந்த டயர், களைத்த டிரைவர் எல்லோருக்குமாக. உங்கள் கணக்கிலேயே வருவோம். சுதாரிக்க ஒன்றரை நொடி, காய்ந்த தார், புது டயர், புத்தகம் சொல்வதைப்போல் இரண்டு மடங்கு பிடிக்கும் பிரேக். அப்போதும் 78-ல் நிற்க 66, 67 மீட்டர் ஆகும். கிடைப்பது 62. உங்கள் நல்ல கார்கூட முப்பதுக்குக் கொஞ்சம் குறைவான வேகத்தில் முட்டும். டிவிஎஸ்ஸில் இருப்பவர் பிழைக்க வாய்ப்பு உண்டு என்பது உண்மை. ஆனால் உங்களுக்குப் பின்னால் வருவது மணல் லாரி, அதற்கு உங்கள் பிரேக் கிடையாது.

கியர்_மாத்து

ஒரு நொடி என்றுதான் சொன்னேன், ஒன்றரை என்று நீங்களே ஏற்றிவிட்டீர்கள். சரி, லாரி விஷயம் ஒப்புக்கொள்கிறேன்.

செக்காலை வாசி

குறுக்கே ஒரு சந்தேகம். என் மச்சானுக்குப் போன வருடம் தேவகோட்டை ரோட்டில் கால் முறிந்தது. இப்படி ஒரு தணிக்கை அறிக்கை வாங்கினால் இழப்பீட்டு வழக்கில் தொகை கூடுமா? யாரிடம் மனு கொடுக்க வேண்டும்?

டேப்பும் சுண்ணாம்பும்

இது அந்த இழை இல்லையே அண்ணே. தனிப்பட்ட வழக்குக்காக யாரும் தணிக்கை செய்து தர மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவைப் பற்றி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். சாலையை வடிவமைத்தவர், போட்டவர், பராமரிப்பவர் தரத்தைக் கடைப்பிடிக்கவில்லை என்றால் ஒரு லட்சம் வரை அபராதம் என்பது அது. இழப்பீட்டுத் தொகை தனிக் கணக்கு.

ஊரணிக்கரை

வாசித்தேன். ஆனால் ஒரு இடம் இடிக்கிறது. தூண் வெறும் மூன்றடி அகலம். மூன்றடித் தூண் ஒரு காரை எப்படி மறைக்கும்? தலையைக் கொஞ்சம் நீட்டினால் தெரியாதா?

டேப்பும் சுண்ணாம்பும்

அதைப் போய்ப் பார்த்தால்தான் நம்புவீர்கள். சொல்கிறேன், ஒரு ஞாயிறு காலை செய்யுங்கள், இரண்டு பேர் போதும்.

ஒருவர் ஊர்ச்சாலையில், மெயின் ரோட்டுத் தார் விளிம்பிலிருந்து மூன்று மீட்டர் பின்னால் நிற்கட்டும். கண் மட்டம் 1.2 மீட்டர், வண்டியில் உட்கார்ந்தால் இருக்கிற உயரம். குனிந்து நிற்காமல் ஒரு ஸ்டூலில் உட்காருங்கள். இன்னொருவர் சிவப்புத் துணி கட்டிய கம்போடு மெயின் ரோட்டோரமாகக் காரைக்குடி பக்கம் நடக்கட்டும். துணி மறையும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு. மறுபடி தெரிந்தால் அங்கேயும் ஒரு கோடு.

தூண் உங்கள் கண்ணிலிருந்து இரண்டரை மீட்டரில் இருக்கிறது, அகலம் 90 செ.மீ. அறுபது மீட்டருக்கு அப்பால் அதன் மறைப்பு 21, 22 மீட்டர் அகலத்துக்கு விரியும். ஒரு பஸ் முழுதாக மறைந்து வரலாம். இதைவிட மோசம் ஒன்று உண்டு. நீங்கள் மெல்ல முன்னால் நகர்கிறீர்கள், அந்த வண்டியும் வருகிறது. இரண்டு நகர்வும் ஒத்துப்போனால் அது தூணுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும். கடைசி நொடியில் திடீரென்று முளைக்கும். “எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை” என்று இரண்டு பேரும் சொல்வது பெரும்பாலும் இதனால்தான். பொய் இல்லை, உண்மையாகவே தெரிந்திருக்காது.

இப்போது 45 பாகைச் சாய்வைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ச்சாலை இடப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், காரைக்குடி வண்டி வலப்பக்கத்திலிருந்து வருவதில்லை, வலது தோளுக்குப் பின்னாலிருந்து வருகிறது. ஹெல்மெட் போட்டு, பின்னால் ஆளையும் வைத்துக்கொண்டு அவ்வளவு கழுத்தைத் திருப்புவது வயதானவர்களால் முடியாது. காரில் இருந்தால் பக்கத்துத் தகடு மறைக்கும். அப்புறம் அந்த ஏற்றம். மெயின் ரோட்டின் மேல் திரும்பத் திரும்பத் தார் போட்டு உயர்த்தியிருப்பார்கள், ஊர்ச்சாலை அங்கேயே கிடந்திருக்கும். பால் கேனோடு ஏற்றத்தில் நிறுத்தினால் வண்டி பின்னால் உருளும். அதனால் யாருமே நிறுத்த மாட்டார்கள். வேகம் பிடித்து ஒரே மூச்சாக ரோட்டில் ஏறுவார்கள். உங்கள் ஊரில் அதைத்தான் ‘கண்மண் தெரியாமல்’ என்கிறார்கள். நின்று பார்க்க அவர்களுக்குச் சமதளமே கொடுக்கவில்லை.

டவுன்பஸ் ஸ்டியரிங்

நான் அந்த ரூட்டில் பஸ் ஓட்டுகிறவன். எந்த விலக்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது, சொல்ல மாட்டேன். எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவன் ஊருக்குள் திரும்பும்போது வேகத்தைக் குறைக்கவே மாட்டான். ரோடே அப்படி வளைந்து கொடுக்கும், சும்மா சறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம். வெளியே வர நிற்கிற சைக்கிள்காரன் மேலேயே ஏறிப் போவான். நான் காரைக்குடியிலிருந்து வந்து உள்ளே திரும்ப வேண்டுமென்றால் எதிர்த் தடத்தையும் பிடித்துத்தான் ஒடிக்க வேண்டும்.

அப்புறம் நிழற்குடை. அது விலக்குக்கு முன்னாலேயே இருக்கிறது. நான் நிறுத்தினால் என் பஸ்ஸே பெரிய தூண். அதையும் எழுதியிருக்கிறார்களா?

ஊரணிக்கரை

எழுதியிருக்கிறார்கள். பஸ் நிற்கும்போது பார்வை 10 மீட்டருக்கும் கீழே என்று இருக்கிறது. நிழற்குடையை விலக்கைத் தாண்டி 60 மீட்டருக்கு மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு ‘மிக விரும்பத்தக்கது’ என்று தரம். நீங்கள் சொன்ன அந்தச் சறுக்கலும் இருக்கிறது. வாய் 22 மீட்டர் அகலம், வலது திருப்பக்காரர்கள் மண்ணில் தனித் தடமே போட்டுவிட்டார்கள் என்று படத்தோடு.

ஆனால் ஒன்று விளங்கவில்லை. போலீஸ் கணக்கில் ஐந்து வருடத்தில் ஒரே ஒரு விபத்துதான். அதற்கு எப்படி ‘மிக அதிகம்’ என்று போட முடியும்?

டேப்பும் சுண்ணாம்பும்

போலீஸ் கணக்கில் வருவது செத்தவரும் ஆஸ்பத்திரியில் படுத்தவரும்தான். சிராய்த்துக்கொண்டு எழுந்து போனவன் ஸ்டேஷனுக்குப் போக மாட்டான். தணிக்கைக்கு வந்தவர்கள் ரோட்டோரம் பொறுக்கியது என்ன என்று நினைத்தீர்கள்? இண்டிகேட்டர் கண்ணாடித் துண்டு, ஹெட்லைட் சில்லு. தாரில் குறுக்கே கறுப்பாக இழுத்த டயர் தடம். தூணின் கீழ்ப்பகுதியில் எத்தனை நிறப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அடிக்கடி நடக்கிறதா என்பதற்கு அவைதான் சாட்சி.

அபாயத்தை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பார்கள். எவ்வளவு அடிக்கடி நடக்கக்கூடும், நடந்தால் எவ்வளவு மோசமாக இருக்கும். வருடத்துக்குச் சில தடவை நடக்கக்கூடியது, நடந்தால் சாவு என்றால், இரண்டையும் பெருக்கி மேல் கட்டத்துக்குப் போய்விடும். பக்கவாட்டில் 73-ல் இடி என்றால் வேறு எங்கே போடுவது?

கியர்_மாத்து

சரி, வேகம்தான் பிரச்சினை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்போது வேகத்தடை போட்டால் 78 நாற்பதாகும், ஆர்ச்சும் பிழைக்கும். ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

டேப்பும் சுண்ணாம்பும்

இந்த இடத்தில்தான் எனக்கும் அறிக்கைக்கும் கொஞ்சம் உரசல். முதலில் அவர்கள் பக்கம். ஒழுங்கான வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் மெல்ல எழும்பி இறங்கும். அதைத் தாண்ட ஏற்ற வேகம் 25. நம் ஊரில் போடுவது அதுவா? ஒரு தட்டு தாரைக் கொட்டி மண்வெட்டியால் தட்டுவது. 78-ல் வருகிறவன் இருட்டில் அதைப் பார்க்காமல் ஏறினால் பின்சீட்டில் உட்கார்ந்த அம்மா ரோட்டில். ஒரு விபத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது. இப்படிப்பட்ட டி-சந்திப்பில் வேகத்தடை ஊர்ச்சாலையில் வர வேண்டும், மெயின் ரோட்டில் இல்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஊர்ச்சாலையிலும் இப்போது போட முடியாது. ஏற்றத்தில் போட்டால் டிவிஎஸ் நின்றேவிடும். முதலில் தார் விளிம்பையொட்டி ஐந்தாறு மீட்டர் சமதளம் வேண்டும், அதற்குப் பின்னால்தான் தடை.

என் உரசல் என்னவென்றால், மெயின் ரோட்டு வேகத்தைக் குறைக்க அறிக்கையில் பலகையும் குறுக்குக் கோடுகளும் மட்டும்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது. ‘50’ என்று பலகை வைத்தால் 78, 74 ஆகும், அவ்வளவுதான். நடுவில் வலது திருப்பத்துக்கு ஒரு தடம் ஒதுக்கி, இரண்டு பக்கமும் தடத்தைக் கொஞ்சம் ஒடுக்கியிருக்கலாம். ரோடு நேராக அகலமாகத் தெரியும்வரை கால் ஆக்ஸிலரேட்டரைவிட்டு எடுக்காது.

ஊரணிக்கரை

செங்கோணமாக்க 30 மீட்டருக்கு ஊர்ச்சாலையை வளைக்க வேண்டும் என்கிறார்கள். வளைத்தால் ஊரணிக் கரை போய்விடும். அதற்கு ஊர் ஒத்துக்கொள்ளாது, நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தூணும் அப்படித்தான். தூணை மட்டும் நகர்த்த முடியாது, காங்கிரீட். மொத்த ஆர்ச்சையும் உடைத்து 40 மீட்டர் உள்ளே புதிதாகக் கட்ட வேண்டும். யார் காசு?

டேப்பும் சுண்ணாம்பும்

கரையைத் தொடாமல் ஒரு வழி இருக்கிறது. உங்கள் வாய் 22 மீட்டர் அகலம் என்றீர்களே, பஸ் திரும்ப அவ்வளவு தேவையில்லை. வேண்டாத இடத்தைப் பெயிண்ட் அடித்து, வளையும் பிளாஸ்டிக் குச்சிகளை நட்டு அடைத்துவிட்டால், வெளியே வருகிற வண்டி கடைசிச் சில மீட்டரிலாவது நேராக நிமிர்ந்து நிற்கும். உள்ளே சறுக்குகிறவனுக்கும் சறுக்க இடம் இருக்காது. முழுச் செங்கோணம் ஆகாது, 70 பாகை வந்தாலே கழுத்து பிழைக்கும். முதலில் மணல் நிரப்பிய டிரம்களை வைத்து இரண்டு வாரம் பாருங்கள், பஸ் ஒடிகிறதா என்று. அவற்றில் ஒளிரும் பட்டை ஒட்டாமல் ஒரு ராத்திரிகூட விடாதீர்கள். துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்காமலும் வைக்காதீர்கள்.

பள்ளத்தூரான்

ஒரு ஹைமாஸ் லைட் போட்டால் எல்லாம் சரியாகும். எங்கள் ஊரில் போட்டார்கள்.

டவுன்பஸ் ஸ்டியரிங்

பால்காரர் போனது காலை ஏழரைக்கு அண்ணே. வெளிச்சத்துக்கா குறைச்சல்? ஆனால் தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்கள் ராத்திரியில் அந்த வழியாகக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அப்போது ஆர்ச்சில் சீரியல் செட் போட்டுவிடுவார்கள். கண் கூசும், அதற்குக் கீழே நடக்கிறவர்கள் தெரிய மாட்டார்கள். லைட் வேண்டும், ஆனால் ரோட்டில் விழுகிற லைட்.

நிழற்குடையைத் தள்ளி வைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடை எங்கே இருந்தாலும் ஆட்கள் விலக்கில்தான் நிற்பார்கள். அவர்கள் நிற்கிற இடத்தில்தான் நான் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் கண்டக்டருக்குத் திட்டு.

ஊரணிக்கரை

ஞாயிறு ஸ்டூலும் சிவப்புத் துணியும் எடுத்துக்கொண்டு போனோம். ஆச்சியையும் கூட்டிப்போனேன். அவர்களே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார்கள். துணி தூணுக்குள் போய் வெளியே வர எத்தனை அடி என்று எண்ணச் சொன்னார்கள். ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குப் போனதும் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்திருக்கிறார்கள். என்ன முடிவு என்று இன்னும் தெரியவில்லை. தம்பி வகையறா எதிர்க்கிறார்கள்.

அன்றைக்கே கருவேலத்தை அரிவாளால் வெட்டித் தள்ளினோம். மறுபடி அளந்தோம். 62, 88 ஆகியிருக்கிறது. தூணின் மறைப்பு மட்டும் நடுவில் அப்படியே.

டேப்பும் சுண்ணாம்பும்

88 என்றால் 65-க்கு ஏறத்தாழ சரி, 78-க்கு இல்லை. கருவேலம் அடுத்த மழையில் மறுபடி தலை தூக்கும், வேரோடு எடுங்கள். இந்த இரண்டு அளவையும் தேதியோடு எழுதி, படத்தோடு அறிக்கைக்கான பதிலில் சேர்த்துவிடுங்கள். துறை ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஏற்கிறோம், இல்லை, ஏன் என்று எழுத வேண்டும். ‘இல்லை’ என்று வந்தால் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். ஊரணிக் கரை என்பது நியாயமான காரணம். ‘நிதி இல்லை’ என்றால் எந்த வருடம் வரும் என்று கேளுங்கள்.

கியர்_மாத்து

ஆர்ச்சை இடிக்க நான் இன்னும் சம்மதிக்கவில்லை. அந்தத் தூணை மட்டும் மெல்லிய இரும்புக் குழாயாக மாற்ற முடியாதா?

டேப்பும் சுண்ணாம்பும்

மறைப்பு குறையும், உண்மைதான். மேலே இருக்கிற காங்கிரீட் எடையைத் தாங்குமா என்று கட்டடப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும், அது என் வேலை இல்லை. தார் விளிம்பிலேயே இரும்புக் குழாய் நின்றால் தவறி வருகிறவன் அதில் முட்டுவான் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஊரணிக்கரை

டிரம் வைக்க வாய்மொழியாகச் சரி என்றிருக்கிறார்கள். எழுத்து வரட்டும் என்று காத்திருக்கிறோம். எட்டு டிரம் சேர்த்தாயிற்று, ஒளிரும் பட்டையும் வாங்கியாயிற்று.

டவுன்பஸ் ஸ்டியரிங்

வைக்கிற அன்றைக்கு இங்கே ஒரு வரி போடுங்கள் அண்ணே. மறுநாள் ஐந்தரை ட்ரிப் என்னுடையதுதான். கூட்டம் இல்லாத நேரம், ஒடித்துப் பார்த்துவிட்டு எந்த டிரம் இடிக்கிறது என்று சொல்கிறேன்.